குழியை நிரப்பினால் பிறக்கும் ஓடை

மேப்பக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கீபோர்டு சத்தம்தான் உயரும். மழைநீர் வடிகால் துறையின் இரண்டாம் மாடியில் ஜன்னலே இல்லாத வரைபட அறைக்கு வெளியே நடந்து போகிறவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே போகலாமா, திரும்பி வந்துவிடலாமா என்று முடிவு செய்வார்கள். அன்று காலை யாரும் உள்ளே போகவில்லை.

காரணம் ஒரு ஃபோன். பேசியது அவர் வீட்டுக்காரரின் தங்கை.

"அண்ணி, எங்க தெருவுக்கே நோட்டீஸ் குடுத்துட்டாங்க. நாங்க ஓடைல வீடு கட்டியிருக்கோமாம். உங்க ஆபீஸ் பேருதான் போட்டிருக்கு."

"எந்த ஓடை?"

"அதத்தான் நானும் கேக்குறேன். கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். ஓடைய விடுங்க, ஒழுங்கா ஒரு சாக்கடை கூட கிடையாது."

வரைபடமே வேலை என்பதால் துறையில் எல்லோருக்கும் அவர் மேப்பக்கா. நிலவியல் படித்தவர். பட்டம் வாங்கிய கையோடு இந்தத் துறையில் ஒப்பந்தத்தில் சேர்ந்தார், பிறகு நிரந்தரமானார். ஊரின் மேடு பள்ளங்களைக் கணினியில் வைத்து, பெய்கிற மழை எங்கே போகும் என்று சொல்வதுதான் வேலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத்துத் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார் என்பது வீட்டில் பழைய கிண்டல். உண்மையிலேயே பார்ப்பார்.

அப்படிப்பட்டவரின் மேஜைக்கே வராமல் ஒரு ஓடை வரைபடம் நோட்டீஸாகி வீடு தேடிப் போயிருக்கிறது. போன மழையில் ஊர் மிதந்த பிறகு, இயற்கை ஓடைகளையெல்லாம் கண்டுபிடித்துக் குறிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. குறித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்குள் இருப்பதெல்லாம் ஆக்கிரமிப்பு. வேலையை ஒரு ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த வரைபடத்தை, நேரம் மிச்சம் என்று, தலைமை இன்ஜினியர் நேராக நோட்டீஸ் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா அந்தக் கோப்பைத் திறந்தார். நாத்தனார் தெருவை உடனே தேடவில்லை. முதலில் மொத்த ஊரையும் பார்த்தார். வடக்கே மேட்டு நிலத்தில் ஓடைகள் ஓடைகளாகவே இருந்தன. வளைந்து நெளிந்து, கிளை கிளையாகச் சேர்ந்து இறங்கின. ஊரின் தாழ்வான கிழக்குப் பகுதிக்கு வந்ததும் அவருக்குக் கை நின்றது. அங்கே நீலக் கோடுகள் சீப்புப் பல் போல இருந்தன. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக, ஒன்றுக்கொன்று இணையாகப் போய், புறவழிச்சாலையின் கரையில் முட்டி, கரையை ஒட்டியே நடந்து, ஓரிடத்தில் சாலையைத் தாண்டி ஏறி இறங்கி, நாத்தனார் தெரு வழியாக ஓடின.

தண்ணீர் சாலைமேல் ஏறி ஓடுகிறது என்று ஒரு வரைபடம் சொல்கிறது. அதைப் பார்த்த பிறகும் ஒரு ஆள் கூட ஏன் என்று கேட்கவில்லை. கீபோர்டு சத்தம் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கோபம் புரியும். விமானத்திலிருந்து லேசர் அடித்து ஊரை அளக்கிறார்கள். ஊர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் உயரம் எண்ணாக உட்காரும். துறையில் இதை டெம் என்பார்கள். ஓடை எடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு கட்டமும் தன் தண்ணீரைப் பக்கத்தில் எந்தக் கட்டத்துக்குத் தள்ளும் என்று கணினி பார்க்கும். தன்னைச் சுற்றி எல்லாமே தன்னைவிட உயரமாக இருக்கும் கட்டம் ஒரு குழி. அங்கே தண்ணீர் மாட்டிக்கொள்ளும், கோடு அறுந்துவிடும். அதனால் முதலில் குழிகளை நிரப்புவார்கள். குழியின் விளிம்பில் எது மிகத் தாழ்ந்த இடமோ, அந்த உயரம் வரைக்கும் எண்களைக் கூட்டிவிடுவது. தண்ணீர் அந்த இடம் வழியாக வழிந்து வெளியேறும்.

பெரும்பாலான குழிகள் அளவீட்டுத் தவறில் வந்த சின்னப் பொத்தல்கள். அவற்றை நிரப்புவதில் தப்பே இல்லை. ஆனால் லேசருக்குச் சாலைக்கு மேலே இருப்பதுதான் தெரியும், அடியில் இருப்பது தெரியாது. சாலைக் கரை கணினிக்கு ஒரு சுவர். கரைக்கு அடியில் தண்ணீர் போக விட்டிருக்கும் குழாய்ப்பாலம் அதற்குக் கிடையவே கிடையாது. ஆகவே கரைக்கு மேற்கே இருக்கும் தாழ்வுப் பகுதி மொத்தமும் ஒரே பெரிய குழியாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நிரப்பு என்று பொத்தானை அழுத்தினால், அண்டாவில் தண்ணீர் பிடிப்பதுபோலக் கரை உயரம் வரைக்கும் நிரம்பும். நிரம்பிய மட்டத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சமதளத்தில் எந்தப் பக்கம் சாய்வு என்று கணினிக்குத் தெரியாது. வெளியேறும் வாயைப் பார்த்து அதுவாக ஒரு திசையைக் கற்பித்துக்கொள்ளும். சீப்புப் பல் கோடுகள் அப்படித்தான் பிறக்கின்றன.

அக்கா எப்போதும் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. நிரப்பிய டெம்மிலிருந்து நிரப்பாத டெம்மைக் கழிப்பது. எங்கே எவ்வளவு உயரத்துக்கு நிரப்பினோம் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கழித்தார். கரைக்கு மேற்கே ஒரு முழுப் பேட்டை ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் நீலமாக நின்றது. கரையின் மிகத் தாழ்ந்த இடம் நாத்தனார் தெருமுனைக்கு நேராக இருந்தது. ஓடை தெருவைத் தேடி வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். சாலை போட்டவர்கள் அங்கே தார் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

இன்ஜினியர் அறையில் ஆலோசனை நிறுவனத்துக்காரரும் இருந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். எதிரே இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மேடம், நிரப்பாம ஓடை எடுக்க முடியாது. இது எல்லாரும் செய்யுறதுதான்" என்றார் அவர்.

"நிரப்பாதீங்கன்னு நான் சொல்லலையே. எதை நிரப்புறோம்னு பாத்துட்டு நிரப்புங்கன்னுதான் சொல்றேன். சின்னப் பொத்தலும் ஒரு பேட்டையும் ஒண்ணா சார்?"

"ஊர் முழுக்க ஒவ்வொரு குழியா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா எப்ப முடிக்கிறது?"

"அப்ப அவசரத்துல நீங்க ஓடைய வரைவீங்க, அவங்க வீட்டக் காலி பண்ணணும்."

இன்ஜினியர் பேனாவை மூடித் திறந்து மூடினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோப்பு தன் மேஜையில் தங்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. போன மழைல அந்தத் தெருவுல தண்ணி வந்துச்சா, வரலையா?"

அக்கா தலையசைத்தார். வந்தது. நாத்தனார் வீட்டுக் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியதே அக்காவின் வீட்டுக்காரர்தான்.

"வந்துச்சுல்ல? சாலை மேல வழிஞ்சுதான வந்துச்சு? மேப்பும் அதத்தான சொல்லுது? அப்புறம் என்ன தப்பு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க நாத்தனார் வீடு அங்கதான இருக்கு?"

"ஆமா சார். அதுக்காக நான் கழித்தல் கணக்க மாத்திப் போட முடியாது. நீங்களே போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். படி இறங்கும்போது காது மடல் சூடாக இருந்தது. உறவைச் சொன்னதற்காக மட்டும் இல்லை. தண்ணீர் வந்தது உண்மை. குழாய்ப்பாலம் இருக்கும்போது தண்ணீர் ஏன் கரை ஏறியது?

அந்தக் கேள்வியோடு சர்வேயரை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். சர்வேயர் துறையில் பாதி ஆயுளைக் கழித்தவர், எதற்கும் ஆச்சரியப்படமாட்டார். மேற்குப் பக்கம் புதரை விலக்கியதும் குழாயின் வாய் தெரிந்தது, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. உள்ளே கறுப்பாகத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"வாய் இருக்கு. வால் எங்கண்ணே?"

இரண்டு பேரும் சாலையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கினார்கள். குழாய் வெளியே வர வேண்டிய இடத்தில் உடைத்த கான்கிரீட்டும் தார்க்கட்டியும் மலையாகக் குவிந்திருந்தன. மேலே சமன்படுத்தி நடைபாதைக் கல் பதித்திருந்தார்கள்.

சர்வேயர் கல்லைச் செருப்பால் தட்டினார். "சாலைய அகலம் பண்ணினப்போ பழசப் பேத்து இங்கயே தள்ளியிருக்காங்க. லாரி வாடகை மிச்சம்."

"யாரு?"

"யாருன்னா என்ன கேள்வி? நம்ம ஆளுங்கதான். வடிகால் வேலைய நாமதான பாத்தோம்."

போன மழையில் தெருவுக்குள் தண்ணீர் வந்ததற்கு வானம் காரணம் என்று அந்த வீடுகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. துறை குழாயை அடைத்தது. அடைத்ததால் தண்ணீர் ஏறி வழிந்தது. இப்போது அதே துறை, தண்ணீர் வழிந்த இடம்தான் ஓடை, ஓடையில் நீ எப்படி வீடு கட்டலாம் என்று கேட்கிறது.

"அண்ணே, குழாயோட அடி மட்டத்தையும் தெருவோட மட்டத்தையும் அளந்து குடுங்க."

"எழுத்துல வேணுமா?"

"எழுத்துலதான் வேணும்."

"என்னையும் சேத்து மாட்டி விடப்போற" என்று சொல்லிக்கொண்டே அளவுக் கருவியின் முக்காலியை நிறுத்தினார். குழாயின் அடி தெருவைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தது. குழாய் திறந்திருந்தால் தண்ணீருக்குத் தெருப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட வேலை இல்லை.

மறுநாள் அக்கா வேலையை முதலிலிருந்து செய்தார். டெம்மில் குழாய் இருக்கும் இடத்தில் கரைக்குக் குறுக்கே, சர்வேயர் கொடுத்த மட்டத்தில் ஒரு கட்ட அகலத்துக்கு வெட்டினார். பேட்டைக்குத் தெற்கே உள்ள பழைய கல்குவாரி உண்மையான பள்ளம், தண்ணீர் தேங்கி அங்கேயே வற்றும். அதை நிரப்பாமல் விட்டார். மீதிப் பொத்தல்களை மட்டும் நிரப்பினார். பிறகு திசை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது மிகச் செங்குத்தான இறக்கமோ, முழுத் தண்ணீரையும் அந்த ஒன்றுக்கே கொடுப்பது ஒரு வழி. தாழ்ந்த கட்டங்கள் எல்லாவற்றுக்கும் சாய்வுக்கு ஏற்றபடி பங்கு வைப்பது இன்னொரு வழி. மலைச்சரிவில் மழை எப்படிப் பரவி இறங்குகிறது என்று பார்க்கப் பங்கு முறை நல்லது. ஓடைக் கோடு எடுக்க ஒற்றைத் திசைதான் சரி, தண்ணீர் சிதறாமல் சேர்ந்துகொண்டே போகும். அக்கா ஒற்றைத் திசையை எடுத்தார். கோடு பேட்டை வழியாக வளைந்து இறங்கி, குழாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் துறையின் காலிமனை வழியாகக் கால்வாயில் சேர்ந்தது. தெருப் பக்கம் போகவே இல்லை.

இன்ஜினியர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். சர்வேயரின் அளவுகளையும் பார்த்தார். அக்கா எடுத்திருந்த குவியலின் படத்தைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"சரிம்மா, ஒரு வழி பண்ணுவோம். இவர் ஒரு யோசனை சொல்றார்."

ஆலோசனைக்காரர் உற்சாகமாக முன்னால் வந்தார். "பங்கு முறைக்கு மாறிடலாம் மேடம். நவீன முறை. அந்தச் சமதளத்துல தண்ணி பரவிடும். எந்தக் கட்டத்துலயும் ஓடைன்னு சொல்ற அளவுக்குச் சேராது. அந்தப் பகுதில கோடே வராது. நோட்டீஸ் தானா செத்துரும்."

"நிரப்பின டெம்லயா?"

"அது அப்படியே இருக்கட்டுமே. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாருங்க."

அன்று சாயங்காலம் இந்தச் சமாதானம் அக்காவுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாத்தனார் சோபாவில் காத்திருந்தார்.

"அண்ணி, நோட்டீஸ வாபஸ் வாங்கிடுறாங்களாம். நீங்கதான் முரண்டு பிடிக்கிறீங்களாம்."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? வீடு தப்பிச்சா போதும் அண்ணி. கணக்கு எப்படி இருந்தா எனக்கென்ன?"

வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கெட்டுப்போகாத மிக்ஸியைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

"கோடு இல்லேன்னா அங்க ஓடையே இல்லேன்னு அர்த்தம்" என்றார் அக்கா. "ஓடை இல்லேன்னா குழாய் எதுக்கு? எவன் வந்து தோண்டுவான்? அடுத்த மழைக்கும் உன் வீட்டுக்குள்ள தண்ணி வரும். அப்ப கட்டிலத் தூக்க உங்கண்ணன் வருவாரு. ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வரமாட்டான். ஏன்னா மேப்புல அங்க தண்ணியே கிடையாது."

நாத்தனார் உதட்டைக் கடித்தார். "தண்ணி வந்தா இறைச்சுக்கலாம் அண்ணி. வீட்ட இடிச்சா?"

பயந்தவளிடம் நியாயம் பேசுவது சுலபம் இல்லை. அவளைப் பயமுறுத்தி வைத்திருப்பவர்கள்மேல்தான் அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. தானே அடித்துவிட்டுத் தானே தடவிக் கொடுக்கிறார்கள், இவள் நன்றி சொல்லவும் தயாராக இருக்கிறாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றார்.

வெள்ளிக்கிழமை, நோட்டீஸ்மேல் தெருக்காரர்களின் ஆட்சேபணையைக் கேட்கும் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் தெருவே திரண்டிருந்தது. மேடையில் இன்ஜினியர், பக்கத்தில் ஆலோசனைக்காரர். அக்காவின் வேலை புரொஜெக்டரை இயக்குவது மட்டும். அவர் இரண்டு தாள்களை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்றின் தலைப்பு, குழாய் அடைபட்டிருந்தால். மற்றொன்றின் தலைப்பு, குழாய் திறந்திருந்தால். ஆலோசனைக்காரரின் கோடு முதல் தாளில், அக்காவின் கோடு இரண்டாம் தாளில். இரண்டிலும் அடியில், எந்த அடிப்படையில் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் இன்ஜினியர் முன்னால் வைத்தார்.

"என்னம்மா இது?"

"சார், ரெண்டு மேப்பும் கணக்குப்படி சரி. குழாய் அடைபட்டிருந்தா முதலாவது. திறந்திருந்தா ரெண்டாவது. எது உண்மையோ அதுல கையெழுத்துப் போடுங்க, அத நான் திரைல காட்டுறேன்."

முதல் தாளில் போட்டால், துறையின் குழாய் அடைபட்டிருக்கிறது என்று அவரே எழுதிக் கொடுத்ததாகும். யார் அடைத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. இரண்டாவதில் போட்டால் தெருவில் ஓடை இல்லை.

"பங்கு முறைன்னு பேசிக்கிட்டோமே" என்றார் ஆலோசனைக்காரர் தாழ்ந்த குரலில்.

"யாரோட பேசினீங்க? நிரப்பினதச் சரி பண்ணாம திசைய மாத்தினா கோடுதான் மறையும். தண்ணி மறையாது. யார் வீட்ல கோடு விழுதுன்னு பாத்துட்டு முறைய மாத்துறதுக்குப் பேரு நவீனம் இல்ல சார்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "என்னங்க அங்கயே குசுகுசுன்னு? எங்களுக்கும் சொல்லுங்க."

"குழாய்னு என்னமோ காதுல விழுந்துச்சு. எந்தக் குழாய்?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். நாத்தனாருடையது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

"சாலைக்கு அடில ஒரு குழாய் இருக்குல்ல" என்றார் இன்னொருவர். "சின்ன வயசுல நாங்க அதுக்குள்ள சைக்கிள் டயர் உருட்டுவோம். இப்ப கண்ணுலயே காணோம்."

ஹால் முழுக்க முணுமுணுப்பு ஓடியது. இன்ஜினியர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. பிறகு இரண்டாம் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார், மையை ஊதிக்கூட உலர்த்தாமல் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதைத் திரையில் காட்டினார். கோடு குழாய் வழியாகப் போனது. தெருவில் எதுவும் இல்லை. கைதட்டல் எழுந்தது. அவர் கைதட்டல் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, அடியில் இருந்த வரியைப் படித்தார். "குழாய் திறந்திருக்கிறது என்ற அடிப்படையில். கையெழுத்து, தலைமை இன்ஜினியர்."

திறந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாயிற்று. திறக்காமல் இருந்தால் பொய். அடுத்த வாரமே மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. நடைபாதைக் கல் பெயர்ந்தது, கான்கிரீட் துண்டுகள் வந்தன, தார்க்கட்டிகள் வந்தன, துறையின் முத்திரை போட்ட பழைய மூடி ஒன்று வந்தது. சர்வேயர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் லாரியில் போட்டார். கடைசிக் கட்டி நகர்ந்ததும் உள்ளே நின்ற கறுப்புத் தண்ணீர் ஒரு முனகலோடு வெளியே வந்து, காலிமனைப் பக்கம் வழி தேடிப் போனது.

இன்ஜினியர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். யாரும் தெருவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டீஸ் நிர்வாகக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. நாத்தனார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நிர்வாகக் காரணம்னா என்ன அண்ணி?" என்று கேட்டார்.

"அவங்க தப்பு, அவங்களுக்கே சொல்ல வரல."

மாதக் கடைசியில் துறையின் செய்தி இதழுக்கு அந்தப் படத்தையும் அக்காவின் வரைபடத்தையும் கேட்டு அனுப்பினார்கள். தலைப்பை அவர்களே எழுதியிருந்தார்கள், மறைந்த இயற்கை ஓடை மீட்பு என்று. வரைபடத்துக்கு அடியில் ஒரு வரி மட்டும் அவர் எழுதித் தர வேண்டும்.

அறைக்கு வெளியே நடந்து போனவர்கள் கீபோர்டு சத்தம் கேட்டுத் தயங்கினார்கள். அக்கா தலைப்பை அழித்தார். அடியில் இப்படி எழுதினார்: சாலையை அகலப்படுத்தியபோது நமது துறை அடைத்த குழாய்ப்பாலம், குடியிருப்போர் ஆட்சேபித்த பிறகு திறக்கப்பட்டது. ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பவும் என்று சேர்த்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

வரைபடம் திரும்பி வந்தது. இதழில் இன்ஜினியர் படம் மட்டும் வந்தது.